அம்மாவிடம் பேசாமல் இருந்ததில்லை

சாலையை அகலப்படுத்த எங்கள் வீட்டின் முன்பக்கத்தை எடுக்கப்போவதாக நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வந்தது என் கணவர் பெயருக்கு. சித்தூரில் அந்த வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. நோட்டீசை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஆயன ராவாலம்மா" என்றார். அவர்தான் வரவேண்டுமாம்.

"அவர் காணாமப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு சார்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்போ டெத் சர்டிபிகேட் கொண்டாங்க."

இல்லை என்றேன். கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்றார். என் மாதிரி ஆட்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார் போல. குரலில் எரிச்சல் இல்லை.

என் கணவர் மாம்பழக் கூழ் பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு புதன்கிழமை காலை திருப்பதிக்கு பஸ் ஏறினார். மலையடிவாரத்தில் அலிபிரியிலிருந்து தன் அம்மாவுக்குப் போன் செய்து, படியேறப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவருடைய போன் அடிக்கவே இல்லை. மூன்றாம் நாள் திருப்பதியில் போலீஸ் கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். வாராவாரம் போய்க் கேட்டேன், பிறகு மாதாமாதம், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. அடையாளம் தெரியாத உடல்களின் படங்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் அவராக இருக்கக்கூடாது என்று பார்ப்பேன். போகப்போக, ஏதோ ஒன்று அவராக இருந்து இது முடிந்தால் தேவலை என்றும் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகள் ஒரு லாயரம்மாவைத் தேடிப் பிடித்தாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "செத்துட்டாருன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்லம்மா. உயிரோட இருந்தா அவரைப் பத்தி யாருக்குத் தகவல் வந்திருக்கணுமோ, அவங்களுக்கு ஏழு வருஷமா ஒண்ணும் வரலன்னு காட்டணும். அது போதும். அப்புறம் உயிரோட இருக்காருன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும்."

வாரிசு மூன்று பேர். நான், என் மகள், அவர் அம்மாவான என் அத்தை. மூன்று பேருக்கும் சமபங்கு. அத்தையும் எங்களோடு சேர்ந்து கேஸ் போட்டால் நல்லது என்றார் லாயரம்மா. அத்தை காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"என் புள்ள செத்துட்டான்னு நான் கேஸ் போடணுமா? என் கையாலயா?"

அதனால் கலெக்டர், நகராட்சி கமிஷனர் ஆகியோரோடு அத்தையையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் துன்னுக்கினு, நான் வாதி, அவர் பிரதிவாதி. கோர்ட் சம்மன் வந்த அன்றும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தது அவர்தான்.

சர்க்காருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தோம். கேஸ் போட்டபின் தெலுங்குப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்க மட்டும் ஏழெட்டு முறை திருப்பதிக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கண்டக்டர்தான் எழுப்புவார்.

சாட்சிக் கூண்டில் முதலில் நான் ஏறினேன். சர்க்கார் வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"கிளம்பின அன்னைக்கு உங்களுக்குள்ள சண்டை நடந்துச்சா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நடந்துச்சு."

"அப்படீன்னா கோபத்துல எங்கயாவது போயி, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இருக்கலாம் இல்லையா?"

"தெரியல சார்" என்றேன். இந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தேன். லாயரம்மாவின் முகம் மாறியது. நீதிபதி ஏதோ எழுதினார். அன்றைக்கு அவ்வளவுதான், வாய்தா போட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் லாயரம்மா அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவரிடம் அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் வந்துட்டா?"

"வந்துட்டா இந்தத் தீர்ப்பு நிக்காதும்மா. நான் இருக்கேன்னு அவர் வந்து சொன்னா, அவர் சொத்தை அவர் கேட்டு வாங்கிக்கலாம். கோர்ட் அவரைக் கொல்லல. இருக்கறதாத் தெரியலன்னுதான் சொல்லுது."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்போ நான் உண்மையைச் சொல்றேன்" என்றார்.

அடுத்த வாய்தாவில் அவர் கூண்டில் ஏறினார். கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழில் சொல்லச் சொல்ல, கோர்ட் குமாஸ்தா தெலுங்கில் மாற்றிச் சொன்னார். மகனிடமிருந்து போனோ கடிதமோ வந்ததா, யாராவது பார்த்ததாகச் சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை என்றார். சர்க்கார் வக்கீல் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்: மனைவி மேல் உள்ள கோபத்தில் மறைந்திருக்கலாம் அல்லவா?

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பொண்டாட்டி மேல கோபம்னா அவகிட்ட பேசாம இருப்பான். என்கிட்ட ஏன் பேசாம இருக்கணும்? படியேறப்போறேன்னு எனக்குத்தானே போன் பண்ணான்? பேக்டரில டீ குடிச்சாக்கூட எனக்குச் சொல்லுவான். உசிரோட இருந்து என்கிட்ட ஒன்பது வருஷம் பேசாம இருக்கிற புள்ள இல்ல சார் அவன்."

சொல்லி முடித்ததும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தான் சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் கேட்டது. குமாஸ்தா மாற்றிச் சொல்ல வாயெடுத்தார். நீதிபதிக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும், அதற்குள் தலையை அசைத்துவிட்டார். சர்க்கார் வக்கீல் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது அத்தை கேட்டார், "அன்னைக்கு என்னதான் சண்டை?"

ஒன்பது வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. "மாங்கா சீசன் ஆரம்பிச்சிடுச்சு, இப்போ லீவு போட்டுட்டுப் போவணுமான்னு கேட்டேன். சாமிக்குக் கணக்குப் பாக்கறியான்னாரு. ஆமான்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை."

அவர் என் கையைப் பிடிக்கவெல்லாம் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டே, "நானும் அதைத்தான் கேட்டேன் போன்ல" என்றார்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. சந்தோஷப்படும் விஷயமா என்று தெரியாமல் நின்றோம். அதை வைத்து நகராட்சியில் இறப்பைப் பதிவு செய்தோம். பிறகு தாசில்தார் ஆபீசில் குடும்ப உறுப்பினர் சான்றிதழுக்கு மனு. பேங்கில் அவர் போட்டிருந்த டெபாசிட்டுக்கு நாமினி இல்லை, அதற்கு வாரிசுரிமைச் சான்று கேட்டு மறுபடி கோர்ட். ஒவ்வொரு ஜன்னலிலும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டைப் பங்கு பிரிக்கவில்லை. மூவர் பெயரிலும் மாற்றிக்கொண்டோம். முன்பக்கச் சுவரை இடித்த நாளில் நான் ஸ்கூலுக்குப் போய்விட்டேன். நான் அங்கே டீச்சர், கேட்டிருந்தால் அன்று லீவு கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அத்தை அதை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெலுங்கு படிக்க வராது.

"என்ன தேதி போட்டுக்கீது?"

என் கணவர் எந்த நாளில் இறந்தார் என்பதைச் சட்டம் சொல்வதில்லை, அதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும் என்று லாயரம்மா முன்பே சொல்லியிருந்தார். எங்களிடம் அப்படி எதுவும் இல்லாததால், நாங்கள் கேஸ் போட்ட தேதியையே தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

அத்தை யோசித்தார். "அன்னைக்கு நாம என்ன பண்ணிக்கினு இருந்தோம்?"

கேஸை லாயரம்மாவே கோர்ட்டில் கொடுத்திருந்தார், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கும் நினைவில்லை. மகளைக் கேட்டோம். அவள் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளித்தள்ளிப் பார்த்தாள். அந்தத் தேதியில் ஒரே ஒரு படம் இருந்தது. மொட்டை மாடியில் அத்தை மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படமெடுக்காதே என்று கையை நீட்டியிருந்தார்.