மீனும் எங்கள் பியூரெட்டும்

வெள்ளவத்தையில் டிப்ளோமா படித்தபோது, ஆய்வுத் திட்டத்துக்கு எனக்குச் சோடியாக வந்தவள் மட்டக்குளிக்காரி. அவளுடைய அப்பா களனி ஆறு கடலில் விழும் இடத்தில் மீன் பிடிப்பவர்.

"அப்பா பிடிக்கிற மீன்ல ஈயம் இருக்கா எண்டு பாப்பமே," என்றாள். அவர்கள் தினமும் சாப்பிடுவது அந்த மீனைத்தான்.

எனக்கும் ஆசைதான். ஆனால் அவ்வளவு நுணுக்கமாக ஈயத்தை அளக்கும் கருவி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. வெளியே கொடுத்துப் பார்த்தால், ஆய்வுக்கு எங்களுக்குக் கிடைத்த பணம் நாலைந்து மீனோடு முடிந்துவிடும். அறிக்கை கொடுக்க இரண்டே மாதம்.

"நாலு மீனை வச்சு என்னத்தைச் சொல்றது?" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. எனக்கும் சங்கடமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "அப்ப, இருக்கிற சாமானை வச்சு எதை அளக்கலாம்?"

கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் குழாய் இருந்தது; தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கத் தேவையான இரசாயனங்களும் இருந்தன. அவளுடைய ஊர்க் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில், காலையில் மீன்கள் வாயைப் பிளந்தபடி மேலே வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒத்திகையாக, கால்வாய் வாயிலும் அதற்கு மேலே ஆற்றிலும் போத்தல்களில் தண்ணீர் எடுத்தோம். ஒட்சிசன் அளவு மாறாதிருக்க, அங்கேயே இரசாயனங்களைச் சேர்த்து மூடி, பஸ்ஸில் கொண்டுவந்தோம். ஆய்வுகூடத்தில் தண்ணீரை நீலமாக்கி, அந்த நீலம் மறையும்வரை பியூரெட்டால் கரைசல் விட்டோம்; ஒட்சிசன் கூடினால் கரைசலும் கூட வேண்டும். ஆற்றுத் தண்ணீருக்கு நிறைய ஊற்றவேண்டியிருந்தது. கால்வாய்த் தண்ணீரிலோ நீலம் சில துளிகளிலேயே மறைந்தது; அதில் ஒட்சிசன் அவ்வளவு குறைவு.

அவள் இன்னொரு முறை செய்து பார்த்தாள். அப்போதும் அப்படித்தான்.

"அறிக்கைக்கு இது காணும்," என்றாள். "எங்களால ஏலும்."