குள்ளனும் குள்ளாவும்

அக்காவின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்டோம் என்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெளிநாட்டுப் படங்கள் தமிழ் பேசி வரும்போது, சந்தைக் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "ஏங்க, பார்த்துப் போங்க!" என்று கத்துவாளே, அது அவர்தான். மருத்துவமனை வராந்தாவில் "டாக்டர்! டாக்டர்!" என்று அலறுவதும் அவர்தான். டப்பிங் தியேட்டரில் இதற்குக் கூட்டக்குரல் என்று பெயர். கதாநாயகிக்குப் பேசுகிறவளுக்குத் தனி மைக், தனி நாற்காலி. கூட்டக்குரல் ஆட்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று கத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் அறுபதைத் தொடப்போகிறார். எல்லோருக்கும் அக்கா. சவுண்ட் இன்ஜினியருக்கும் அக்கா, அந்த இன்ஜினியரின் மகளுக்கும் அக்கா. வாழ்க்கை முழுக்க யாரையாவது கூப்பிட்டுச் சம்பாதித்த மனுஷி. அவரைக் கூப்பிட ஆளில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

நான் வசனம் எழுதுகிறவன். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வேலை இல்லை. திரையில் இருப்பவனின் வாய் அசைவுக்குள் தமிழைத் திணிக்க வேண்டும். அதில் பெரிய தலைவலி பெயரைக் கூப்பிடுகிற இடம். தமிழில் ஒருவனைப் பற்றிப் பேசினால் ஒரு வடிவம், அவனையே கூப்பிட்டால் வேறு வடிவம். நண்பன் வந்தான், ஆனால் "நண்பா, வா". அண்ணன் போனான், ஆனால் "அண்ணா, நில்லு". தம்பியைக் கூப்பிட்டால் "தம்பீ" என்று நீளும். இதை விளி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள், தேர்வு முடிந்த மறுநாளே மறந்தோம். எனக்கு மட்டும் தினசரிச் சோறே அதில்தான்.

எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கவும் முடியாது. நண்பன் நண்பா ஆனானே என்று மகனை "மகா" என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள், அவன் என்றைக்கும் "மகனே"தான். ஒரு கப்பல் படத்துக்கு வேறொரு இடத்தில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள், படம் முழுக்க மாலுமிகள் "கேப்டா! கேப்டா!" என்று கத்துகிறார்கள். கேப்டன் என்பதில் கடைசி ன் அந்த வார்த்தையோடு பிறந்தது, நம் ஊர் 'அன்' விகுதி இல்லை, அதைப் பிடுங்கக் கூடாது என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். சிரித்தபடியே அத்தனை மாலுமிகளையும் "கேப்டன்!" என்று கத்தவைத்தது அக்காதான். அவர் கூட்டத்தில் நின்றால் மற்றவர்களுக்கும் குரல் எழும்.

அந்த அக்காவுக்குக் கடைசியில் ஒரு பெரிய வேடம் வாய்த்தது. துறைமுகத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற தாய். படம் முழுக்க வருகிறாள். வழக்கமாகப் பேசுகிற பெண்ணுக்கு இந்த வயசுக் குரல் வரவில்லை என்று டப்பிங் இன்சார்ஜ் அக்காவை அழைத்தார். அழைத்தாரே தவிர நம்பவில்லை. "கூட்டத்துல கத்துறது வேற, தனியா நிக்கிறது வேற. நாளைக்கு இன்னொரு அம்மாவ வரச் சொல்லியிருக்கேன், இன்னைக்குச் சரியா வரலைன்னா அவங்க" என்று என்னிடம் சொன்னார். அதை அக்காவின் காதில் விழும்படியே சொன்னார்.

படத்தில் அந்தப் பையனை எல்லோரும் ஒரு பட்டப்பெயரால் கூப்பிடுகிறார்கள். வயசுக்கு உயரம் போதாத பையன். நான் யோசிக்கவே இல்லை, குள்ளன் என்று வைத்தேன். அக்காவின் மகனுக்கு வீட்டில் அதே பெயர். பிறந்தபோது கையளவு இருந்தானாம். பிறகு வளர்ந்து வளர்ந்து வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் ஆனான், பெயர் மட்டும் வளரவில்லை. தூரத்து நகரம் ஒன்றில் பெரிய வேலை. டீ குடிக்கும்போதெல்லாம் அக்கா வாயில் அவன் பேச்சுதான். குள்ளனுக்கு மழை ஆகாது, குள்ளன் பொண்ணு நல்லா வரையுறா, குள்ளனோட வீட்டுல பெரிய பால்கனி. வசனத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் மனுஷி பூரித்துப் போவார் என்று நினைத்தேன்.

பார்த்தார். பூரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

டப்பிங்கில் காட்சிகள் வரிசையாக வராது. முதலில் எடுத்தது காவல் நிலையம். என் உதவியாளன் எழுதித் தந்த முதல் பிரதியில் "குள்ளாவைக் காணோம் சார்" என்று இருந்தது. நேரே கூப்பிடும்போதுதான் குள்ளா. போலீஸ்காரரிடம் அவனைப் பற்றிச் சொல்லும்போது குள்ளனை, குள்ளனுக்கு, குள்ளனோடு. கூப்பிடுகிற வடிவத்தின் மேல் ஐ ஒட்டாது. நான் மாற்றியிருந்தேன். அக்கா "குள்ளனைக் காணோம் சார், என் குள்ளனை யாராவது பார்த்தீங்களா?" என்று சொன்னபோது இன்சார்ஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் டேக்கே ஓகே. வீதிக் காட்சி ஓகே. பக்கத்து வீட்டுக்காரியிடம் அழுவது ஓகே.

பிறகு துறைமுகம் வந்தது. கூட்டத்துக்குள் பையனின் முதுகு தெரிகிறது. தாய் ஓடிவந்து, படிக்கட்டில் நின்று, வாயை அகலத் திறந்து ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறாள்.

அக்கா "குள்ளன்!" என்றார்.

"அக்கா, குள்ளா. வாய் திறந்தே நிக்குது பாருங்க, நீங்க ன்-ல மூடிட்டீங்க" என்றேன்.

இரண்டாவது டேக்கில் "குள்ளனே!" என்றார். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அரசவையில் சேவகனை அழைப்பது போல் இருந்தது. திரையில் வாய் ஆ என்று விரிந்திருக்க, இங்கே ஏ என்று இழுபட்டது. மூன்றாவது தடவை காற்று மட்டும் வந்தது.

இன்சார்ஜ் என்னைப் பார்த்தார். "பேர மாத்துய்யா."

"என்னன்னு மாத்துறது? மகனேன்னா உதடு பொருந்தாது. தம்பீன்னா நடுவுல உதடு ஒட்டும், திரையில அவளுக்கு ஒட்டலை. ஆ-ல முடியணும். அதுவும் இல்லாம, மத்த ரீல் எல்லாம் குள்ளன்னு பேசி முடிச்சாச்சு."

"அப்ப ஆள மாத்துறேன்" என்றார் அவர். டீ இடைவேளை விட்டார்கள்.

அக்கா பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம். கிடைக்காதது கிடைத்திருக்கிறது, ஒரே ஒரு சொல்லுக்காகத் தவற விடுகிறாரே என்ற கோபம். "உங்க பிள்ளை பேருதானே அக்கா? தினம் கூப்பிடுற பேரு, அத இங்க கூப்பிட என்ன வந்துச்சு?" என்று கடுப்பாகவே கேட்டேன்.

"கூப்பிட்டு ஏழெட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் வீட்டுக்குத் தங்கப் போனேன். விருந்தாளிங்க வந்திருந்தாங்க. அம்மா என்ன பண்றாங்கன்னு ஒருத்தர் கேட்டார். சும்மா கத்துற வேலைன்னு சொல்லிச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கத்துற வேலைலதான் அவன் படிச்சான். பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். மாடிப்படில இறங்குறப்ப பின்னாடி இருந்து அம்மா, அம்மான்னு கூப்பிட்டான். நான் திரும்பலை."

"அப்புறம்?"

"அவனும் பேசலை, நானும் பேசலை. யாரு முதல்லன்னு ஒரு வீம்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து குள்ளன் வந்திருக்கிறது, குள்ளனுக்கு வந்திருக்கிறது, ஒரு போன் பேச்சில்கூட "குள்ளா" வந்து நான் கேட்டதில்லை. ஊரில் இல்லாதவனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கூப்பிட எதிரில் ஆள் வேண்டும். வரைகிற பேத்தி, பெரிய பால்கனி எல்லாம் அவர் ஒரே ஒரு தடவை பார்த்து வந்தவை. அதையே இத்தனை காலம் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார். வசனம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தெரியவில்லை என்பதில் வெட்கமாக இருந்தது.

"வீம்பெல்லாம் போதும் அக்கா. இப்பவே போன் பண்ணுங்க" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். உடனே போனை எடுத்தார். நம்பர் மனப்பாடம். காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எதிர்முனையில் யாரோ எடுத்த சத்தம் எனக்கும் கேட்டது.

"குள்ளா" என்றார் அக்கா. சின்னக் குரல். "குள்ளா, அம்மாடா."

பதிலைக் கேட்டார். முகம் மாறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இல்லப்பா... சரிப்பா... எவ்வளவு நாளா இந்த நம்பர் உங்ககிட்ட இருக்கு? ...ஓ. பரவாயில்லப்பா, வச்சிடுறேன்."

"யாரோ ஒரு தம்பி. நாலு வருஷமா இது அவரு நம்பராம். தப்பா நினைக்காதீங்கம்மான்னு சொல்லுது, நல்ல பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். அவன் நம்பரை மாற்றியிருக்கிறான். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அல்லது சொல்லக் கூடாது என்றே மாற்றியிருக்கிறான்.

"வாங்க, போகலாம். அந்த மனுஷன் காத்துக்கிட்டிருப்பார்" என்று அக்காவே முன்னால் நடந்தார்.

உள்ளே விளக்கை அணைத்தார்கள். திரையில் துறைமுகம், கூட்டம், பையனின் முதுகு. தாய் படிக்கட்டுக்கு வந்து வாயைத் திறந்தாள்.

"குள்ளா!"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்ஜினியர் ஹெட்போனைக் காதிலிருந்து தூக்கிவிட்டான். உதடு பொருந்தியதா என்று நான் பார்க்கவே இல்லை. பொருந்தியதாம். திரையில் அந்தப் பையன் நின்றான், திரும்பினான், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஓகே! பிரமாதம் அக்கா, நாளைக்கு நீங்களே வாங்க" என்று இன்சார்ஜ் மைக்கில் சொன்னார். விளக்கு எரிந்தது.

அக்கா மைக்கை விட்டு நகரவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னொரு தடவை போடுங்களேன்."

"எதுக்கு அக்கா? டேக் ஓகேதான்."

"தெரியுது. ஒரே ஒரு தடவை. கூப்பிட்டுக்கிறேன்."