மயிலாத்தாளின் சாவியும் பில்லில் ஒரு வரியும்

முதலமடைக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் சுள்ளிமேட்டில் தண்ணீர் வருவது மயிலாத்தாள் இடுப்பில் செருகியிருக்கும் ஒரு சாவியால்தான். குழாய்க்கிணறு, பத்து குதிரைத்திறன் மோட்டார், மேட்டில் ஒரு டேங்க். ஊர்க்காரர்களே நடத்துகிற குடிநீர் கமிட்டி அது. மாதம்தோறும் கரண்ட் பில்லை வீடுகளுக்குப் பங்கு போட்டு வசூலிக்கிறோம். நானும் கமிட்டியில் ஒரு மெம்பர். கையெழுத்துப் போடக் கூப்பிடுவார்கள், கருத்துச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

மயிலாத்தாள் கோவிந்தாபுரத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, மாங்காய் பறிக்கப் போய், கூடை சுமந்து, புருஷனை இழந்து, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனபோது, "நான் பாத்துக்கறனுங்க" என்று அவளாகவே வந்து நின்றாள். பொம்பளை மோட்டார் போடுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. அவளோ மோட்டாரின் சத்தத்தை வைத்தே வோல்டேஜ் குறைவதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடுவாள். அவள் காலத்தில் ஒரு தடவைகூட மோட்டார் காயில் எரியவில்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவாள். அந்தச் சாவியில் அவளுக்கு அத்தனை பெருமை.

இந்த வைகாசியில் பில் ஏறியது. இருநூறு ரூபாய். கமிட்டியின் பொருளாளர் கிட்டுசாமி அண்ணன், போனில் வரும் தொகையைப் பார்த்து போனிலேயே கட்டிவிடுகிற ஆள். மீட்டர் எடுக்க வருகிறவர் கொடுக்கும் சீட்டை மயிலாத்தாள் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், சட்டை வெளுப்புக்குப் போய்விடும்.

மாங்காய் சீசன் நேரம். தோப்புகளுக்குத் தண்ணீர் டேங்கர்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று நம் மோட்டார் ரூமுக்கு முன்னால் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். டயர் பஞ்சர் என்று டிரைவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பில்லும் ஏறியது, டேங்கரும் நின்றது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, மயிலாத்தாள் தண்ணீரை விற்கிறாள் என்று பேச ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்?

அங்கன்வாடியில் கூட்டம் போட்டார்கள். நல்லவேளையாக இந்தத் தடவை சீட்டு வெளுப்புக்குப் போகவில்லை. கிட்டுசாமி அண்ணன் அதையும் போன மாதச் சீட்டையும் கையில் வைத்திருந்தார்.

"போன மாசமும் ரெண்டாயிரம் யூனிட்டுங்க, இந்த மாசமும் அதே. ரேட்டும் ஏறல. அப்புறம் எப்படிங்க தொகை ஏறும்? மீட்டர்ல என்னமோ கைவேலை நடந்திருக்குது" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்ணா, தண்ணி திருடி வித்திருந்தா யூனிட்டுதானுங்க ஏறோணும்? யூனிட்டு அப்படியே இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க" என்றேன்.

"அதுதான் அம்மிணி எனக்கும் புரியல. புரியாத எடத்துலதான் தப்பு இருக்கும்" என்றார் அவர். புரியாததற்கெல்லாம் ஒரு ஏழைப் பெண்ணைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு வசதி.

மயிலாத்தாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "என்ற கை சுத்தம்னு நீங்களே சொல்ற வரைக்கும் இதைத் தொட மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இருநூறு ரூபாய்க்கு ஒருத்தியின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது.

மறுநாளிலிருந்து மோட்டார் போடுவது கிட்டுசாமி அண்ணனின் வேலையாயிற்று. போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். டேங்க் நிறைந்து வழிந்து, ரோட்டில் ஆறாக ஓடி, மாரியம்மன் கோயில் வாசல் வரை சேறு. அன்று மாலை, கரண்ட் செக்‌ஷன் ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் மயிலாத்தாளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரோடு போனேன்.

ஆபீசில் சப் எஞ்சினியர் பின்சி இருந்தாள். கட்டப்பனைப் பக்கத்து மலையாளப் பெண், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டாள்.

"ஃபிக்சட் சார்ஜ் ஒண்ணுதான். எனர்ஜி சார்ஜ் ஒண்ணுதான். இதோ, இந்தன சர்சார்ஜ், எரிபொருளுக்கான கூடுதல் செலவு. போன மாசம் யூனிட்டுக்கு ஒம்பது பைசா, இந்த மாசம் பத்தொம்பது. ரெண்டாயிரம் யூனிட்டுக்குப் பத்துப் பைசா கூட்டினா இருநூறு ரூபா. கணக்கு சரியல்லே?"

"ரேட்டு ஏறலைன்னு சொன்னாங்களே" என்றார் கிட்டுசாமி அண்ணன்.

"ரேட் ஏறல சேட்டா. இது ரேட்டுல சேராது, பில்லுல தனி லைன். நம்ம கரண்ட் எல்லாம் இங்க டேம்ல உண்டாக்குறது இல்ல. பாதிக்கு மேல வெளியில இருந்து வாங்குறோம். அதுக்கு இவ்வளவு ஆகும்னு முன்னாடியே மின்சார கமிஷன் ஒரு கணக்கு வச்சுத்தான் ரேட் போடும். வெயில் காலத்துல டேம்ல தண்ணி குறையும், நிலக்கரி விலை ஏறும், அப்ப கூடுதல் விலைக்கு வாங்க வேண்டி வரும். அந்த வித்தியாசத்தை எல்லார்கிட்டயும் யூனிட் கணக்குல பிரிச்சு வாங்குறது. மார்ச்சுல செலவானது இப்ப மே பில்லுல வரும்."

"அப்ப கரண்ட் போர்டு இஷ்டத்துக்கு ஏத்திக்கலாமாக்கும்?" என்று நான் கேட்டேன். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.

"இல்ல சேச்சி. ஒரு அளவு வரைதான் போர்டே சேர்க்க முடியும். அதுக்கு மேல கமிஷன் அனுமதிக்கணும். மாசத்துக்கு மாசம் மாறும், குறையவும் செய்யும்" என்றவள், கிட்டுசாமி அண்ணனைப் பார்த்து, "உங்க வீட்டு பில்லுலயும் இருக்குமே, பார்க்கலையோ?" என்றாள்.

அவர் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தன் வீட்டு பில்லைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அதே வரி. அதற்கு முந்தைய பில்லிலும் இருந்தது. வீட்டில் யூனிட் குறைவு, அதனால் சின்னத் தொகையாக வந்து கண்ணில் படாமல் போயிருக்கிறது. பாவம், தன் வீட்டிலேயே திருடன் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அதை நான் வாய்விட்டே சொன்னேன். பின்சி குனிந்து சிரித்தாள்.

வெளியே வந்ததும் மயிலாத்தாள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன். "டேங்கர்க்காரனுக்கு ஒரு சொம்பு குடிக்கத் தண்ணி குடுத்தனுங்க. அதுவும் தப்போன்னு ரெண்டு ராத்திரி தூங்கல அம்மிணி" என்றாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், மனசு லேசாகிவிட்டது.

அன்றைக்கே அங்கன்வாடியில் எல்லோரையும் கூட்டச் சொன்னேன். கிட்டுசாமி அண்ணன் மனிதர் மோசமில்லை. எழுந்து நின்று, அந்த வரியைப் படித்துக் காட்டி, "மயிலக்கா கை சுத்தமுங்க. நாந்தான் பாக்காம பேசிப்போட்டேன்" என்று சபையில் சொன்னார். சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் உடனே வாங்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க" என்றாள். "அடுத்த மாசம் யூனிட்டு ஏறி வரும். அது சர்சார்ஜும் இல்ல, நானும் இல்லீங்க. டேங்க் வழிஞ்சு மாரியாத்தா கோயிலுக்குப் போன தண்ணி."

அங்கன்வாடி சிரித்த சிரிப்பில் கிட்டுசாமி அண்ணனும் சேர்ந்துகொண்டார். மயிலாத்தாள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நான் வீட்டுக்கு வந்து குடத்தைக் குழாயடியில் வைத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது.