பதினான்கு மணியும் எட்டு மணியும்

எங்கள் கல்லூரிக்கு வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். வந்த மனுக்களைச் சரிபார்த்துப் பட்டியல் போடும் வேலை, ஆபீஸ் குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. கல்லூரியை நடத்தியவர்கள் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் வியாபாரிகள். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். ஆளைத் தரம் பிரிக்க மட்டும் என்னை நம்பினார்கள்.

கேட்டது இரண்டாம் வகுப்பில் எம்.எஸ்ஸி., அச்சான கட்டுரை ஒன்று, பட்ட வகுப்புக்கு மூன்று வருஷம் பாடம் நடத்திய அனுபவம், அதுவும் வாரம் பன்னிரண்டு மணிக்குக் குறையாமல். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் இரண்டு மணியைப் பாடத்தில் ஒரு மணியாகக் கணக்கிட வேண்டும்.

எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்டிரேட்டரும் மனுப் போட்டிருந்தார். குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. பட்டம் சரியாக இருந்தது. தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டைச் சாறு பற்றிக் கட்டுரையும் எழுதியிருந்தார். இரண்டு பக்கம் படித்தேன், நன்றாகத் தூக்கம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் வாரம் பதினாறு மணி, பாடக் கணக்கில் எட்டு. துறைத்தலைவர் நெஞ்சு நோயால் படுத்திருந்த மூன்று வருஷமும் அவருடைய வகுப்புகளில் வாரம் ஆறு மணி இவரே பாடம் நடத்தினார். பதினான்கு. தாராளம்.

அத்தாட்சிக்காக வருகைப் பதிவேடுகளை இறக்கினேன். அந்த ஆறு மணிக்கும் நேராகத் துறைத்தலைவரின் சுருக்கொப்பமே இருந்தது. டெமான்ஸ்டிரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னா சார் இது? நீங்க எடுத்த கிளாசுக்கு அவர் கையெழுத்து இருக்குது?"

"நான்தான் போட்டேன் சார். அவரு வரலன்னு தெரிஞ்சா வேலையே போய்டும். மூணு பொம்பளப் புள்ளைங்க."

"இப்ப அவரையே ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"வாணாம் சார். அவரா சொன்னா சொல்லட்டும்."

தேர்வுக்குழுவில் துறைத்தலைவரும் இருந்தார். உடம்பு தேறி, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பதிவேட்டில் இருந்தபடியே பட்டியலைப் படித்தேன். "எட்டு மணியா? ரொம்ப கம்மியா இருக்குதே" என்றார் ஒரு முதலாளி. பிரின்சிபால் துறைத்தலைவர் பக்கம் திரும்பினார்.

"உங்க டிபார்ட்மெண்ட் ஆளுதானே? வேற கிளாஸ் ஏதாவது எடுத்தாரா?"

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகவே துடைத்தார்.

"ஆய்வுக்கூடத்துல ரொம்ப நல்லா பாத்துக்குவாருங்க" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த மூன்று வருஷக் கால அட்டவணையையும் துறைத்தலைவர் பெயரிலேயே, அவர் வராதது தெரிந்தும், டைப் அடித்தவன் நான். எட்டு என்ற எண்ணுக்கு எதிரே 'போதாது' என்று எழுதினேன். வேலை சென்னைக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். டெமான்ஸ்டிரேட்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவருக்கு ஒண்ணும் பிரச்சினை வர்லியே சார்?"

வரவில்லை என்றேன். எனக்குக் கோபம் வந்தது, டெமான்ஸ்டிரேட்டர்மேல்தான். துறைத்தலைவர்மேல் வந்திருக்க வேண்டும். என்மேல் வந்திருக்க வேண்டும். இவரிடம்தான் காட்ட முடிந்தது.