ராமலிங்கம் மறைத்த பதில்

பஞ்சாலையில் தறி ஓட்டிய ராமலிங்கத்துக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. ஆலை வாசலில் தொழிலாளர்கள் கூடும் கேட் கூட்டத்தில் போலீஸுக்கு எதிரில் பயப்படாமல் நின்ற ஆள்தான். ஆனால் எண்பத்து மூன்றாம் வருஷம், மகள் சின்னப்பாப்பாவுக்கு டான்சில் ஆபரேஷன் என்று கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வார்டு வராந்தாவில் அவர் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. மாசத்துக்கு ஒருதரம் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் விழுகிற ஏழு வயசுப் பிள்ளை. செய்தே ஆகவேண்டிய ஆபரேஷன்.

சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சுலோசனா வந்தார். பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி, ஆடுகிற பல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெற்றவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணிகூட வேணாம். மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். மூக்குமேல முகமூடி வச்சு ஊசி போட்டுத் தூங்க வைப்போம். தொண்டையில குழாய் போட்டு நாங்களே மூச்சு குடுப்போம். முடிஞ்சதும் எழுப்பிடுவோம். தொண்டை வலிக்கும், எச்சில்ல கொஞ்சம் ரத்தம் இருக்கும். பயப்படாதீங்க.”

“பாப்பா முழுசாத் தூங்கிடும்ல, டாக்டரம்மா?”

“தூங்கிடும்.”

“நடுவுல காது கேக்காதே?”

“கேக்காது. சளி, இருமல் இருக்கா? அடிபட்டா ரத்தம் நிக்காம வருமா? குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது தொந்தரவு ஆயிருக்கா?”

ராமலிங்கம் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மனைவி ஆதிலட்சுமி அவர் முழங்கையை அழுத்தினாள்.

“இல்லீங்க” என்றார்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இருந்தது. ராமலிங்கத்தின் தம்பி காத்தவராயனுக்கு மூன்று வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முடிந்தபிறகும் அவனுக்கு மூச்சு வரவில்லை. பொழுது சாயும்வரை ஆள் மாற்றி ஆள், மூச்சு கொடுக்கும் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். பிழைத்து வந்தவன் அண்ணனிடம் மட்டும் சொன்னான்: “எல்லாம் கேட்டுச்சுண்ணே. விரலக்கூட அசைக்க முடியல. நான் முழிச்சிருக்கேன்னு யாருக்கும் தெரியல.” இப்போது அவனுக்குத் தவளக்குப்பத்தில் பெண் பார்த்திருந்தார்கள். உடம்பில் கோளாறு என்று பேச்சுக் கிளம்பினால் சம்பந்தம் போய்விடும் என்று வீட்டில் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள்.

ராமலிங்கம் பஸ் நிறுத்தம்வரை போய் டீ வாங்கினார். குடிக்கத் தோன்றவில்லை. தன் பிள்ளை மேஜைமேல் கிடந்து, எல்லாம் கேட்டுக்கொண்டு, அப்பா என்று கூப்பிட முடியாமல் இருப்பது கண்முன் வந்துகொண்டே இருந்தது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“எங்கே போறீங்க?” என்றாள் ஆதிலட்சுமி.

“சொல்லப் போறேன்.”

“கல்யாணம் நின்னுடுங்க.”

“நிக்கட்டும்.”

டாக்டர் வீட்டுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். படியிலேயே நின்று முழுவதும் கேட்டார். பிறகு, “நீங்க கட்டுனது சொந்தத்துலயா?” என்றார்.

“மாமன் பொண்ணுங்க.”

டாக்டர் பையைக் கீழே வைத்தார்.

“குழாய் போடறதுக்காகத் தசையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவோம். மத்தவங்களுக்கு அது சில நிமிஷத்துல கரைஞ்சிடும். சிலபேர் ரத்தத்துல அதைக் கரைக்கிற சத்து பொறவியிலேயே சரியா இருக்காது. உங்க தம்பி அப்படித்தான்னு நெனைக்கிறேன். சொந்தத்துல கட்டுனதால பாப்பாவுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாளைக்கு அந்த ஊசியே வேணாம். வாயு மருந்துலயே ஆழமாத் தூங்க வச்சுக் குழாய் போடுறேன். கொஞ்சம் நேரம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்.”

“காது கேக்குமா?”

“உங்க தம்பிக்குத் தூக்க மருந்து தீந்துபோச்சு, தளர்த்துன மருந்து தீரல. அதான் கேட்டிருக்கு. பாப்பா தானா மூச்சு விடுறவரைக்கும் நான் தலைமாட்ட விட்டு நகர மாட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தம்பியயும் வரச் சொல்லுங்க. ரத்தம் எடுத்துப் பாக்கணும். இனிமே எந்த டாக்டர்கிட்டப் போனாலும் அவர் இதைச் சொல்லணும்.”

மறுநாள் சின்னப்பாப்பா உள்ளே போனபின் ராமலிங்கத்தின் நடை இன்னும் வேகமானது. ஆதிலட்சுமி அவரோடு பேசவில்லை. கதவு திறந்தபோது பிள்ளை ஒருக்களித்துப் படுத்து, கரகரத்த குரலில் அழுதுகொண்டே வந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் ஆதிலட்சுமி அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

காத்தவராயன் ரத்தம் கொடுத்தான். டாக்டர் நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. விஷயம் காதுக்கு எட்டியதும் தவளக்குப்பத்துக்காரர்கள் பின்வாங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து வில்லியனூரில் ஒரு பெண், விஷயம் முழுவதும் தெரிந்தே அவனைக் கட்டிக்கொண்டாள். தவளக்குப்பத்துச் சம்பந்தம் போனதற்கு வீட்டில் ராமலிங்கத்தைத்தான் வெகுநாள் குறை சொன்னார்கள். அவர் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் போய் நின்று, “மயக்கம் குடுத்து உங்க வீட்ல யாராச்சும் எந்திரிக்க லேட் ஆச்சா? யோசிச்சுச் சொல்லுங்க” என்று, அவர்கள் எரிச்சல்படும்வரை கேட்பார்.