தாய் ஏன் வினவவில்லை?

பள்ளியில் அவருக்கு 'ஏன் டீச்சர்' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. பதினொன்றாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ, எந்தப் பிள்ளை எழுந்து எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி வந்து விழும். "தலைவி வருந்துகிறாள், டீச்சர்." "ஏன்?" "பிரிவினால், டீச்சர்." "அது எந்த அடியில இருக்கு? காட்டு." பிள்ளை புத்தகத்தைத் தடவும். உரைநூலில் இருப்பது செய்யுளில் இருக்காது. அப்போது டீச்சர் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அதற்குப் பயந்தே பாதி வகுப்பு செய்யுளை ஒழுங்காகப் படிக்கும்.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் பொதுத்தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்க அழைத்தார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் முதன்முறை. வெளியே சொல்லக் கூடாது, யார் தயாரித்தார் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். பஸ் ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருக்கும் கணவரிடம்கூட "பயிற்சிக்குப் போறேங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லி வழக்கமில்லாத முகம், கணவர் அதைப் பார்த்து, "சரி, போயிட்டு வா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பாடத்தில் இருந்த செய்யுள் ஐந்தே அடி.

தினையும் கொய்தனர்; புனமும் வறிதே;
கிளியும் பெயர்ந்தன பிறபுலம் நாடி;
தட்டைக் கையள் தனிவழிச் செல்லும்
மகளை வினவாள் தாயே;
ஓயாது வினவும் ஊரவர் வாயே.

தோழி தலைவனிடம் சொல்வது. தினை அறுத்தாயிற்று, புனம் வெறுமையாகிவிட்டது, கிளிகளும் வேறு நிலம் தேடிப் போய்விட்டன. ஆனாலும் கிளி விரட்டும் மூங்கில் தட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இவள் புனத்துக்குத் தனியே போகிறாள். உன்னைப் பார்க்கத்தான். தாய் ஒன்றும் கேட்பதில்லை, ஊர் வாய் ஓயாமல் கேட்கிறது, சீக்கிரம் வந்து மணந்துகொள் என்பது சொல்லாமல் சொன்ன செய்தி.

பொருள் வினா எழுதுவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. 'தட்டை என்பது யாது? அது எதற்குப் பயன்படும்?' இரண்டு மதிப்பெண். 'புனம் வறிதானதை உணர்த்தும் செய்திகள் இரண்டினை எழுதுக.' இன்னொரு இரண்டு. படித்தவன் எழுதுவான், படிக்காதவன் விடுவான், சண்டையில்லை. நயம் பாராட்டும் வினாவுக்குத்தான் மூன்று நாள் ஆனது. 'இப்பாடலின் நயங்களை விளக்குக' என்று எழுதினால் எல்லாப் பிள்ளையும் எதுகை, மோனை, இயைபு என்று ஒரே பட்டியலை இறக்கிவிடும். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் அந்தப் பட்டியல். அதைப் படித்துப் படித்து அவருக்கு வெறுத்துப் போயிருந்தது. நான்கு முறை அடித்து, ஐந்தாம் முறை இப்படி எழுதினார்:

'ஊர் வினவுகிறது, தாய் வினவவில்லை. தாய் வினவாததற்குக் காரணமாக நீவிர் கருதுவதைப் பாடலடிகளைச் சான்றுகாட்டி எழுதுக.' நான்கு மதிப்பெண்.

விடைக்குறிப்பில், 'தாய் அறியவில்லை என்றோ, அறிந்தும் கேட்கவில்லை என்றோ, வேறு பொருத்தமான காரணமோ எழுதலாம். கருத்துக்கு 2, சான்றுக்கு 2' என்று எழுதி, உறையை அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வீடு திரும்பும்போது மனசு துள்ளியது. ஒரு பிள்ளையாவது அந்தக் கேள்வியில் நின்று யோசிக்குமே!

தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்தும் மையத்துக்கு அவரையும் அழைத்தார்கள். நீளமான கூடம், வரிசையாக மேசைகள், மேசைக்கு ஐந்து பேர், தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் மின்விசிறி. முதன்மைத் தேர்வாளர் விடைக்குறிப்பை விநியோகித்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர், கெட்டவர் இல்லை, அச்சடித்த தாள் எதுவானாலும் அதற்கு எழுந்து நிற்பவர்.

டீச்சர் தன் கேள்வியைத் தேடினார். கேள்வி எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. குறிப்பில் ஒரே வரி: 'தாய் அறியாமை – 4.'

எவன் கை வைத்தான்? தன் உறைக்கும் இந்த அச்சுக்கும் நடுவில் எத்தனை மேசை! ஏதோ ஒரு மேசையில் ஒருவர் கடைகளில் விற்கும் கைடைத் திறந்து, 'அன்னை அறியாமை' என்று அதில் போட்டிருப்பதைப் பார்த்து, கருத்தும் சான்றும் எதற்கு என்று வெட்டியிருக்க வேண்டும். கேள்வியில் 'நீவிர் கருதுவதை' என்று இருக்கிறதே, அதையாவது படித்தாரா அந்தப் புண்ணியவான்?

பதினோராவது தாளில் அது வந்தது. கோணல்மாணலான கையெழுத்து, இரண்டு எழுத்துப்பிழை.

'அந்தத் தாய்க்கு எல்லாம் தெரியும். கிளிகள் போய்விட்டன என்று ஊருக்கே தெரியும்போது, தட்டையை எடுத்துப்போகும் மகளைப் பார்த்த தாய்க்குத் தெரியாமல் இருக்காது. கேட்டால் மகள் பொய் சொல்லவேண்டி வரும். தன் மகளைத் தன்னிடமே பொய் சொல்ல வைக்கக்கூடாது என்றுதான் அவள் வினவவில்லை.'

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யார் பெற்ற பிள்ளையோ! அவர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபோதும் இந்தக் காரணம் அவருக்குத் தோன்றவில்லை. இதற்குக் குறிப்புப்படி பூஜ்யம்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே முதன்மைத் தேர்வாளரிடம் போனார்.

"சார், இதைக் கொஞ்சம் படிங்க."

அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா குறிப்புல இல்லையேம்மா."

"கேள்வியில 'நீவிர் கருதுவதை'னு இருக்கே சார். அந்தப் பிள்ளை கருதினதை எழுதியிருக்கு. அடியும் காட்டியிருக்கு. அறியாமைனு எந்த அடியில இருக்கு? நீங்க காட்டுங்க."

"குறிப்பை நானா எழுதினேன்? மேல இருந்து வந்தது. நான் ஒரு தாளுக்குப் போட்டா, எல்லாரும் ஆளுக்கொண்ணு பேசுவாங்க."

"அப்ப எல்லாத் தாளுக்கும் போடுங்க."

பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "விடுங்க டீச்சர், நாலு மார்க்தானே. எங்க மேசையில நாற்பது தாள் கட்டி வச்சாச்சு. இனி அவிழ்க்கச் சொன்னா என் இடுப்பு தாங்காது." கூடமே சிரித்தது.

அவ்வளவுதான், டீச்சருக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது. "நாலு மார்க்தானாம்! உங்க இடுப்புக்கு இந்தப் பிள்ளை பூஜ்யம் வாங்கணுமா? யோசிக்காம கைடைப் பார்த்து எழுதினதுக்கு நாலு, யோசிச்சு எழுதினதுக்கு முட்டையா? வெட்கமா இல்லையா நமக்கு?"

சிரிப்பு நின்றது. முதன்மைத் தேர்வாளர் பொறுமையாகச் சொன்னார். "இங்க பாருங்கம்மா. கேள்வி தயாரிச்சவங்க என்ன நினைச்சாங்களோ, அதைத்தான் குறிப்புல போட்டிருப்பாங்க. அவங்க வந்து இல்லைனு சொன்னா நான் மேல எழுதிக் கேட்கலாம். சொல்ல முடியுமா அவங்களால?"

முடியாது. சொன்னால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், இனி ஒருக்காலும் கேள்வி எழுத அழைக்கமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் காத்துக் கிடைத்த வேலை. அந்த மூன்று நாள் சந்தோஷம் இனி வராது. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். 'தாய்க்கு எல்லாம் தெரியும்' என்ற வரியில் 'ல்' ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சொல்ல முடியும் சார்," என்றார். "அந்தக் கேள்வியை எழுதினது நான்தான். நான் கொடுத்த குறிப்பு இது இல்லை."

முதன்மைத் தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து, "என்னம்மா இது, இதைப்போய் வெளியில சொல்லிட்டீங்களே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ஆனால் மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். அன்று மத்தியானமே மேலே எழுதினார். அரக்கு உறையைத் தேடி எடுத்தார்கள், டீச்சரின் குறிப்பு உள்ளே இருந்தது. மறுநாள் திருத்திய குறிப்பு வந்தது: 'சான்றுடன் கூடிய பிற காரணங்களுக்கும் மதிப்பெண் தருக.' கட்டிய கட்டுகளையெல்லாம் அவிழ்த்தார்கள். இடுப்புக்காரர் டீச்சரை முறைத்துக்கொண்டே அவிழ்த்தார். கோணல் கையெழுத்துக்கு டீச்சரே நான்கு போட்டார்.

பத்து நாளில் அவருக்கும் கடிதம் வந்தது. உறுதிமொழி மீறல், வினாத்தாள் குழுவிலிருந்து நிரந்தர நீக்கம். கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பயிற்சினு சொல்லிட்டுப் போனது இதுக்குத்தானா?" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"பயிற்சிக்குப் போறவ எவ இவ்வளவு சந்தோஷமாத் திரும்பி வருவா? நீ சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுது, கேட்கலை." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். டீச்சருக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

புதிய கல்வியாண்டு தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் அதே செய்யுள். நடத்தி முடித்து, வழக்கம்போல, "தாய் ஏன் வினவலை?" என்று கேட்டார். கேட்டு முடிக்கவில்லை, நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தன.

"தாய்க்கு எல்லாம் தெரியும்! மகளைப் பொய் சொல்ல வைக்கக்கூடாது என்பதால் வினவவில்லை!"

டீச்சர் திகைத்துப் போனார். "எப்படிடா எல்லாருக்கும் தெரிஞ்சுது?"

முதல் பெஞ்சுப் பெண் புத்தம்புதிய கைடை உயர்த்திக் காட்டினாள். பக்கம் நாற்பத்தேழில் அந்தக் கோணல் கையெழுத்துப் பிள்ளையின் விடை, எழுத்துப்பிழை திருத்தி, கட்டம் கட்டி, 'மிக முக்கியம்' என்று போட்டிருந்தது. திருத்தின கூடத்திலிருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுக்க, அச்சடித்துக் காசாக்கிவிட்டான்கள், பாவிகள்! கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அவனை எழுப்பினார்.

"நீ ஏன் சொல்லலை?"

"எனக்கு அப்படித் தோணலை டீச்சர். அந்த அம்மாவுக்கு நிஜமாவே தெரியாதோன்னு தோணுது. அவங்ககிட்ட யார் சொல்லுவாங்க? ஊர் அந்தப் பொண்ணைப் பத்தித் தங்களுக்குள்ளதானே பேசும், அம்மா காதுக்கு எப்பவும் கடைசியாத்தானே வரும்." சற்றுத் தயங்கி, "ஆனா அப்படி எழுதினா மார்க் போயிடும்னு டியூஷன்ல சொன்னாங்க" என்றான்.

டீச்சருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. போன வருஷம் எந்த விடைக்கு நான்கு போட்டார்களோ, அதே விடைக்கு இந்த வருஷம் முட்டை! முதல் பெஞ்சுக்குப் போய் அந்தக் கைடை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு கடைசி பெஞ்சுக்குத் திரும்பினார்.

"எந்த அடியில இருக்கு?" என்றார். "வந்து காட்டு."