பாடிப் போனவன் வாயில் ஈசல்

கபடிக்கு வேண்டிய தொடையும் தோளும் எனக்குக் கிடையாது. அந்த வயதில் நான் சட்டையைக் கழற்றினால், பார்க்கிறவர்கள் சாப்பாடு வாங்கிக் கொடுக்கத்தான் நினைப்பார்களே தவிர, விளையாடக் கூப்பிட மாட்டார்கள். என்னிடம் இருந்தது மூச்சு மட்டும். மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசி வளர்த்த மூச்சு. "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர் அணிக்குள் போய், நாலைந்து தடவை அங்குமிங்கும் ஓடி, ஒருத்தரையும் தொடாமல் பத்திரமாகத் திரும்பி வருவதில் பரவைச் சுற்றுவட்டாரத்திலேயே எனக்கு இணை கிடையாது.

எங்கள் அணியின் கேப்டன் என் தாய்மாமன் மகன். எனக்கு மாப்ள. என்னை அவன் அணியில் வைத்திருந்தது, நேரத்தை ஓட்ட வேண்டிய சமயங்களில் உள்ளே அனுப்புவதற்காக.

வைகாசியில் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த போட்டி அது. முந்தின மூன்று வருஷமும் இறுதி ஆட்டத்தில் ஒரே அணியிடம் தோற்றிருந்தோம். அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், வயலில் உழைக்கிற சம்சாரிகள், ஒவ்வொருத்தனும் காளை மாடு மாதிரி இருப்பான். இந்த வருஷமும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு வாலிபால் ஆடப் போகலாம் என்று மாப்ள சொல்லியிருந்தான். வாலிபாலில் மூச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆகவே ஜெயித்தே தீர வேண்டும் என்று என்னளவுக்கு உறுதியாக இருந்தவன் வேறு யாருமில்லை.

முந்தாநாள் சாயங்காலம்தான் அந்த வருஷத்து முதல் கோடை மழை கொட்டியிருந்தது. பேருக்குத் தூறிவிட்டுப் போகிற மழையில்லை. மண்ணைக் கிண்டினால் முழங்கை ஆழத்துக்கு ஈரம். மறுநாளும் அதற்கு மறுநாளும் நல்ல வெயில். ஆடுகளம் காய்ந்து, மேலே மணல் தூவி, மூங்கில் கம்புகளில் டியூப் லைட் கட்டியாகிவிட்டது. இருட்டத் தொடங்கும் நேரம். காற்று அசையவில்லை. புழுக்கம் ஈரச் சாக்கைப் போர்த்தியது போல இருந்தது.

ஆட்டம் முக்கால்வாசி முடிந்தபோது நாங்கள் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். மாப்ள என்னைப் பார்த்து, "போயி ஒரு ஆளையாவது தொட்டுட்டு வாடா" என்றான். நானும் நெஞ்சை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, பாடிக்கொண்டே போனேன்.

வாய்க்குள் ஏதோ வந்தது. இறகோடு வந்தது. தொண்டைக்குள் இறங்கி அங்கே குடித்தனம் பண்ண இடம் பார்த்தது. நான் இருமினேன். பாட்டு அறுந்தது. எதிர் அணியின் எல்லைக்குள் மூச்சு விட்டால் அவுட். ஒருவரும் என்னைத் தொடவில்லை, நானும் ஒருவரையும் தொடவில்லை. ஒரு ஈசலிடம் நான் அவுட்டாகி வெளியே வந்தேன். நான்கு புள்ளி பின்னால்.

"என்ன மாப்ள, பாட்டு நல்லாத்தான போச்சு?" என்றான் கேப்டன்.

"பக்கவாத்தியம் உள்ள வந்துருச்சுடா."

எங்களில் அடுத்தவன் பாடிப் போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வந்தான். மறுபடியும் மூன்று புள்ளி. அதற்குள் விளக்குகளைச் சுற்றி ஈசல் புகை மாதிரி எழும்பிவிட்டது. டியூப் லைட் கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் மேல் ஒரு துணி அசைவது போலத்தான் தெரிந்தது. ஆடுகிறவர்களின் மூக்கு, காது, அக்குள் எல்லாம் ஈசல். யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் கபடி ஆட முடியுமா? நடுவராக இருந்த டிரில் வாத்தியாருக்கு விசிலுக்குள்ளேயே ஒன்று போய்விட்டது. ஊதினால் சத்தம் வரவில்லை.

எதிர் அணிக் கேப்டன் அவரிடம் வந்தான்.

"சார், ஈசல் கெளம்பிருச்சு. மழ ஊத்தப் போகுது. ஆட்டத்த இத்தோட முடிச்சுருங்க."

அவன் சொன்னதில் கணக்கு இருந்தது. மழையால் ஆட்டம் நின்றால், அந்த நேரத்துப் புள்ளியே முடிவு என்பது போட்டியின் விதி. வாத்தியார் வானத்தைப் பார்த்தார். மேற்கே நாகமலைப் பக்கம் தூரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. கோப்பை எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நான் நடுவில் புகுந்தேன்.

"சார், இவரு தலகீழாச் சொல்றாரு. மழ வரப்போகுதுன்னு ஈசல் வரல. மழ வந்துட்டுப் போனதால வந்துருக்கு."

"இவருதான் ஈசல் ஆபீசரு. இப்பத்தான ஒண்ண முழுங்கிப் பரிசோதன பண்ணாரு" என்றான் அவன். அவன் ஆட்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் வாத்தியாரின் கையைப் பிடித்துக் களத்தை ஒட்டிய வரப்புக்கு இழுத்துப் போனேன். மைக்செட்டுக்காரரின் டார்ச் லைட்டை அடித்தேன். ஈர மண்ணில் கீறல் கீறலாகத் துவாரங்கள். கறையான்கள்தான் அதைத் திறந்துவிட்டிருந்தன. விளிம்பில் பெரிய தலைக் கறையான்கள் காவல் நின்றன. நடுவிலிருந்து இறகு முளைத்தவை வரிசையாக ஏறி, புல் நுனிக்குப் போய், ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

"மண்ணு காஞ்சு கெடந்தா இதுக வெளிய வந்து என்ன சார் செய்யும்? பறந்து முடிச்சதும் இறகக் கழட்டிப் போட்டுட்டு, பொட்டையும் ஆணும் சோடி சேந்து மண்ணத் தோண்டி உள்ள போகணும். புதுசாக் குடும்பம் வைக்கணும். இறுகின மண்ணுல அது முடியாது, வெயில்ல வத்திப் போயிரும். அதான் நல்லா ஊறுற மழைக்காகப் புத்துக்குள்ளயே காத்துக் கெடக்குறது. மழ பேஞ்சு, காத்து அடங்கி, புழுக்கமா ஒரு சாயங்காலம் வந்தா, சுத்துப்பட்டுப் புத்து அம்புட்டும் ஒரே நேரத்துல தெறக்கும்."

"அப்ப லைட்டுக்கு ஏன்யா வருது?"

"பொறந்ததுல இருந்து இருட்டுக்குள்ளயே கெடந்ததுக. இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் வெளிச்சத்தப் பாத்துப் போகும். காட்டுல இருந்தா வெளிச்சம்னா வானம், மேல போயிரும். இங்க வானத்த விடப் பளிச்சுன்னு நம்ம டியூப் லைட்டு கெடக்கு. வந்து சுத்தி மாட்டிக்கிருது. கொஞ்ச நேரம்தான் சார். இறகு உதுந்துருச்சுன்னா வெளிச்சமே ஆகாது, இருட்டப் பாத்து ஓடும்."

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாதி பார்த்தது, பாதி படித்தது. அன்றைக்குக் கோப்பைக்காக இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் தெரிந்திருப்பேன்.

வாத்தியார் யோசித்தார். "சரி, கொஞ்ச நேரம் பாப்போம். ஒரு சொட்டு மழ விழுந்தாலும் கப்பு அவங்களுக்கு. விழாம ஈசல் அடங்குச்சுன்னா மிச்ச ஆட்டம்."

அந்த நேரம் என் அண்ணன் சம்சாரம் ஒரு கையில் புடைக்கிற சொளகும் இடுப்பில் அண்டாவுமாக வந்து சேர்ந்தார். பின்னால் தெருப் பெண்கள் பாதிப் பேர். கோப்பை யாருக்குப் போகிறது என்பதில் அவர்களுக்கு அக்கறையே கிடையாது.

"கொழுந்தனாரே, இம்புட்டு லைட்டையும் எரிய விட்டா ஈசல் ஊரெல்லாம் செதறும். எல்லாத்தையும் அமத்திட்டு, அந்தக் கடேசிக் கம்பத்துல ஒண்ண மட்டும் எரிய விடச் சொல்லுங்க. வறுத்து அரிசியோட கலந்து ஒங்களுக்கும் தாரேன்."

"எனக்கு ஏற்கனவே ஒண்ணு பச்சையாப் போயிருச்சு மதினி."

ஆனால் யோசனை பிரமாதம். மைக்செட்டுக்காரர் களத்து விளக்குகளை எல்லாம் அணைத்தார். ஆடுகளத்துக்கு எட்டத்தில் ஒரே ஒரு டியூப் லைட். அதன் கீழே அண்டா நிறையத் தண்ணீர். புகை மூட்டம் அப்படியே நகர்ந்து அங்கே போனது. விழுந்த ஈசல் தண்ணீரிலிருந்து எழும்ப முடியாமல் துடித்தது. பெண்கள் அள்ளினார்கள்.

நாங்கள் இரண்டு அணியும் இருட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம். அவர்கள் மழைக்காக, நாங்கள் மழைக்கு எதிராக. மேற்கே மின்னல் வெட்டும்போதெல்லாம் அவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு. என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்னண்ணே, வருண பகவானையும் டீம்ல சேத்துட்டீகளா? ஏழு பேருக்கு மேல ஆடக்கூடாதே."

"டேய், உள்ள வருவேல்ல, அப்பப் பாத்துக்கறேன்."

அப்படிச் சொன்ன அவர்கள் கேப்டன், தன் தொடையில் வந்து உட்கார்ந்த ஒன்றை எடுத்து, இறகைக் கிள்ளி வாயில் போட்டான். போட்ட வேகத்தில் "ஆ" என்று துப்பினான். நாக்கைக் கடித்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"அண்ணே, இது ஈசல் இல்ல, இறகு மொளச்ச எறும்பு. இடுப்பப் பாருங்க, சினிமா நடிகை மாதிரி. மீச மடங்கியிருக்கு. முன்னெறகு பெருசு, பின்னெறகு சிறுசு. ஈசலுக்கு நாலு இறகும் ஒரே அளவு, இடுப்புன்னு ஒண்ணு கெடையாது, நம்ம டிரில் வாத்தியார் மாதிரி. எறும்பும் இதே மழைக்கு இதே மாதிரி சோடி தேடித்தான் பறக்குது. கல்யாணத்துக்குப் போறவனப் புடிச்சு வாயில போட்டா கடிக்காம என்ன செய்வான்?"

அவன் அணிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. நாக்கு வீங்கியிருந்ததால் திட்டவும் முடியவில்லை.

மின்னல் மேற்கேயே வெட்டி மேற்கேயே ஓய்ந்தது. தலைக்கு மேல் ஒன்றிரண்டு நட்சத்திரம் தெரிந்தது. துவாரங்களிலிருந்து வருவது குறைந்து, பிறகு நின்றது. தரையெங்கும் இறகு இழந்தவை முன்னால் ஒன்று, அதன் வாலை ஒட்டிப் பின்னால் ஒன்று என்று ஜோடி ஜோடியாக ஓடிக்கொண்டிருந்தன. களத்தைத் துடைப்பத்தால் பெருக்கினோம். இறகுகள் வெங்காயச் சருகு மாதிரி குவிந்தன. விளக்கைப் போட்டபோது தப்பிப் பிழைத்த சில மட்டும் சுற்றின. வாத்தியார் விசிலைக் குச்சியால் குடைந்து சுத்தம் செய்து ஊதினார்.

மிச்ச நேரம் முழுக்க இரண்டு அணியும் மாறி மாறிப் புள்ளி எடுத்தோம். வித்தியாசம் மூன்றிலிருந்து இறங்கவே இல்லை. கடைசிப் பாட்டு எங்களுடையது. பாடிப் போகத் தெம்புள்ள இரண்டு பேரும் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மாப்ள அடிபட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நம்பிக்கை ஒரு துளிகூட இல்லை.

போனேன். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பின் கோட்டில் ஒதுங்கி நின்று என்னைப் பாட விட்டிருந்தால், வழக்கம் போல நாலு சுற்று ஓடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் வீங்கின நாக்கோடு அவர்கள் கேப்டன் பாய்ந்தான். என் காலைப் பிடித்தான். இருட்டில் என்னிடம் பேச்சு வாங்கியிருந்த இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். மூன்றாமவன் முதுகில் விழுந்தான். எனக்கு இரண்டு பேரே அதிகம். அதிலும் திருப்திப்படாமல் நான்காவதாக ஒருத்தன், ஆசைக்கு, தோளைப் பிடித்து அமுக்கினான்.

முகம் மண்ணில். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "கபடி கபடி" என்று மண்ணுக்குள் பாடினேன். ஒரு கையைச் சாணளவு நகர்த்துவேன், அமுக்குவார்கள். விரலளவு நகர்த்துவேன், இழுப்பார்கள். பாடினேன். கண் இருட்டியது. அப்போதும் பாடினேன். நடுக்கோட்டுச் சுண்ணாம்பு நகத்தில் பட்டது.

பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட். மூன்று பேர் பிடித்திருந்தால் சமன். நாலு பேர்.

மூச்சு நடுவில் அறுந்துவிட்டது என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாத்தியார் தரையில் கிடந்த என்னைக் காட்டினார். விசில் ஊதி, கூட்டம் களத்துக்குள் இறங்கி, நாலு பேரும் என்னை விட்டு எழுந்த பிறகும் நான் குப்புறக் கிடந்து பாடிக்கொண்டுதான் இருந்தேன். மாப்ள வந்து வாயைப் பொத்தித்தான் நிறுத்தினான்.